அடுக்கின் கடைசி இலக்கம் மட்டும் ஏன் போதாது?

கேள்வி: என் மகள் படிவம் 4 படிக்கிறாள். 7^2025-இன் கடைசி இலக்கம் என்ன என்று ஒரு கணக்கு. 2025-இன் கடைசியில் இருக்கும் 5-ஐ மட்டும் எடுத்து 7^5 என்று போட்டாள், விடை சரியாக வந்தது. அதே வழியில் 7^2018-க்கு 7^8 என்று போட்டாள், தப்பு என்று வந்துவிட்டது. ஒரே வழி ஒரு கணக்கில் சரியாகவும் இன்னொன்றில் தப்பாகவும் எப்படி வரும்? சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம், கேட்க ஆள் இல்லை.

பதில்:

அந்த வழி தப்புதான். முதல் கணக்கில் சரியான விடை வந்தது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எப்போது சரியாக வரும், எப்போது தப்பும், தப்பினால் எவ்வளவு தப்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கு வகை முழுவதுமே பிடிபட்டுவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நானும் பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிற்றூர்க்காரன்தான். தமிழ்ப்பள்ளியில் பல வருடம் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். இந்தத் தப்பை என் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதலில் அவள் சரியாகப் புரிந்துகொண்டிருக்கும் பாதியைச் சொல்கிறேன். இரண்டு எண்களைப் பெருக்கினால், விடையின் கடைசி இலக்கத்தை அந்த இரண்டு எண்களின் கடைசி இலக்கங்களே தீர்மானிக்கின்றன. 137-ஐ 24-ஆல் பெருக்கினால் 3288 வருகிறது. கடைசியில் இருக்கும் 8, ஏழு நான்கு இருபத்தெட்டில் உள்ள 8. 130-உம் 20-உம் பத்தின் மடங்குகள். அவை எதோடு பெருக்கப்பட்டாலும் பத்தின் மடங்காகவே இருக்கும், கடைசி இடத்தைத் தொடாது. எனவே 137^2025 என்று கேட்டாலும் 7^2025 என்று கேட்டாலும் கடைசி இலக்கம் ஒன்றுதான். அடியில் இருக்கும் எண்ணை அதன் கடைசி இலக்கமாகச் சுருக்கிக்கொள்ளலாம். இதில் சந்தேகமே வேண்டாம். பத்தால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வதுதான் இது. மட்டு எண்கணிதம் என்று புத்தகத்தில் சொல்வதும் இந்த மீதிக் கணக்கைத்தான். 1801-இல் காவுஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதை இதை ஒழுங்குபடுத்தி, 137 ≡ 7 (mod 10) என்று எழுதும் முறையைத் தந்தார். பத்தால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி என்பதைத் தவிர அந்த மூன்று கோட்டுக்கு வேறு பொருள் இல்லை.

உங்கள் மகளின் தாளை நான் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்த பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன், அவள் இந்த விதியை மேலேயும் கொண்டுபோயிருக்க வேண்டும். அடியில் உள்ள எண்ணுக்குக் கடைசி இலக்கம் போதும் என்றால், அடுக்குக்கும் போதும்தானே என்று தோன்றுவது இயல்பு. அங்கேதான் பிசகு. 7^2018-இல் 7 என்பது பெருக்கப்படும் எண். 2018 பெருக்கப்படும் எண் அல்ல, எத்தனை தடவை பெருக்குகிறோம் என்ற எண்ணிக்கை. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன, அதனால் இரண்டையும் ஒரே கத்தியால் நறுக்க முடியாது.

கையால் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். 7-ஐ மறுபடி மறுபடி 7-ஆல் பெருக்கி, கடைசி இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டே வாருங்கள். 7. அப்புறம் 49, அதாவது 9. ஒன்பதேழு 63, அதாவது 3. மூவேழு 21, அதாவது 1. ஓரேழு 7, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இனி 7, 9, 3, 1 என்று இதே நான்கு இலக்கங்கள் இதே வரிசையில் முடிவில்லாமல் சுற்றும். அடுத்த இலக்கத்தை முந்தைய இலக்கம் மட்டுமே தீர்மானிப்பதால், ஒருமுறை 7 திரும்பி வந்துவிட்டால் எல்லாமே திரும்பி வந்தாக வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு அடி. பத்து அல்ல.

நம் ஊர்க் கணக்காகச் சொன்னால் இப்படி. ஒரு செம்பனைத் தோட்டத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, நாளுக்கு ஒரு பகுதியாக முறை வைத்துக் குலை வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் மறுபடி முதல் பகுதி. 18ஆம் நாள் எந்தப் பகுதி என்று கேட்டால் 18-ஐ 4-ஆல் வகுப்போம், மீதி 2, ஆகவே இரண்டாம் பகுதி. 18-இன் கடைசியில் 8 இருக்கிறதே, எட்டாம் நாள் எந்தப் பகுதியோ அதுதான் பதினெட்டாம் நாளும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எட்டாம் நாள் நான்காம் பகுதி, பதினெட்டாம் நாள் இரண்டாம் பகுதி. அடுக்கு என்பது இந்த நாள் எண். கடைசி இலக்கம் என்பது அன்றைக்கு வெட்டும் பகுதி.

ஆகவே சரியான வழி: அடியில் உள்ள எண்ணைப் பத்தால் வகுத்து மீதி எடுக்கிறோம், அடுக்கை நான்கால் வகுத்து மீதி எடுக்கிறோம். மாடிக்கு ஒரு வகுஎண், கீழ்வீட்டுக்கு இன்னொரு வகுஎண். 2025-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, எனவே 7^1, விடை 7. 2018-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2, எனவே 7^2 = 49, விடை 9. அவள் எழுதிய 7^8 என்பது 5764801, அதன் கடைசி இலக்கம் 1. அதனால்தான் தப்பு என்று வந்தது.

இதை அவள் கண்ணாலேயே பார்க்க வேண்டுமானால் பள்ளிக் கால்குலேட்டரே போதும். 7^1 என்பது 7. 7^11 என்று தட்டினால் 1977326743 என்று முழு எண்ணும் திரையில் வரும், கடைசி இலக்கம் 3. அடுக்குகள் 1-உம் 11-உம் ஒரே இலக்கத்தில் முடிகின்றன, விடைகளோ வேறு. 3-ஐ வைத்தும் பார்க்கலாம்: 3^2 என்பது 9, 3^12 என்பது 531441. ஒரு பிள்ளையிடம் "உன் வழி தப்பு" என்று பத்து தடவை சொல்வதைவிட, இந்த இரண்டு எண்களை அவளே தட்டிப் பார்ப்பது நன்றாக வேலை செய்யும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்டதற்கு வருகிறேன்: தப்பான வழி சில நேரம் ஏன் சரியாக வருகிறது? 10-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. இந்த 2-இல்தான் எல்லாம் இருக்கிறது. 100-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி இல்லை, ஆகவே நூறும் ஆயிரமும் அதற்கு மேலும் நமக்குக் கவலை இல்லை. எந்தப் பெரிய அடுக்காக இருந்தாலும் கடைசி இரண்டு இலக்கங்களைப் பார்த்தால் போதும். 2018-இல் 18-ஐ மட்டும் 4-ஆல் வகுக்கலாம். அந்த இரண்டு இலக்கங்களில் பத்தாம் இடத்தில் இருப்பது இரட்டை எண்ணாக இருந்தால், அது 00, 20, 40, 60, 80 இவற்றில் ஒன்றைத் தருகிறது. இவை எல்லாமே 4-ஆல் மீதியின்றி வகுபடுபவை. அப்போது பத்தாம் இடத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் எதுவும் கெடாது. பத்தாம் இடத்தில் ஒற்றை எண் இருந்தால் அது 10, 30, 50, 70, 90. இவை ஒவ்வொன்றும் மீதி 2 தருபவை. அதை விட்டுவிட்டால் சுற்றில் சரியாக இரண்டு அடி தவறிப்போகும்.

2025-இல் பத்தாம் இடத்தில் 2, இரட்டை. தப்பித்துவிட்டாள். 2018-இல் பத்தாம் இடத்தில் 1, ஒற்றை. மாட்டிக்கொண்டாள். வேறு மர்மம் எதுவும் இல்லை.

இதில் எனக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்தது. போட்டித் தாள்களில் நடப்பு ஆண்டையே அடுக்காக வைத்துக் கேட்பது பழைய வழக்கம். நானும் அப்படித்தான் பயிற்சித் தாள் தயாரித்தேன். 2020 முதல் 2025 வரை உள்ள ஆண்டுகளை அடுக்காக வைத்து, அடியில் 3, 7 என்று ஒற்றை எண்களாகப் போட்டேன். வகுப்பில் எல்லோரும் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். பிறகு ஒரு மாணவி பலகையில் செய்து காட்டியபோதுதான் தெரிந்தது, அவள் அடுக்கின் கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறாள். விசாரித்தால் இன்னும் நான்கைந்து பேரும் அப்படியே. 2020-களில் எந்த ஆண்டை எடுத்தாலும் பத்தாம் இடத்தில் 2. ஆகவே என் தாள் சரியான வழியையும் தப்பான வழியையும் பிரித்துக் காட்டவே முடியாத தாள். 2010-களின் ஆண்டுகளை வைத்திருந்தால் முதல் கணக்கிலேயே வெளியே வந்திருக்கும். 2030-களில் நடப்பு ஆண்டை வைத்துக் கேட்கும்போது இந்தத் தப்பு மறுபடி விடையில் தெரியும். அது பிள்ளைகளின் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாளைத் தயாரித்தவன் நான்.

அன்றிலிருந்து லாரி எண்களை வைத்துக் கணக்குக் கொடுக்கிறேன். வகுப்புக்கு எதிரே குலை ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் லாரிகள் வரிசையாகப் போகும். பலகையில் 5738 என்று எண் இருந்தால் 3^5738 எந்த இலக்கத்தில் முடியும் என்று கேட்பேன். பிள்ளைகள் 38-ஐ மட்டும் பார்த்து, 4-ஆல் வகுத்து, மீதி 2, ஆகவே 9 என்று லாரி திருப்பம் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவார்கள். லாரி எண்களில் பத்தாம் இடம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் கலந்து வரும். அதனால் தப்பான வழி இங்கே நீண்ட நேரம் ஒளிந்திருக்க முடியாது.

தப்பினால் எவ்வளவு தப்பும் என்று சொன்னேன் அல்லவா? சரியான விடையையும் தப்பான விடையையும் கூட்டிப் பாருங்கள். 7^2018-க்குச் சரி 9, அவள் எழுதியது 1, கூட்டினால் 10. 7^11-க்குச் சரி 3, தப்பான வழி தருவது 7, கூட்டினால் 10. 3^5738-க்குச் சரி 9, தப்பான வழியில் 3^8 = 6561, அதாவது 1. மறுபடி 10. காரணம் எளிது. சுற்றில் இரண்டு அடி தள்ளுவது என்றால் 7-ஆல் இரண்டு தடவை பெருக்குவது, அதாவது 49-ஆல் பெருக்குவது. ஓர் எண்ணையும் அதன் 49 மடங்கையும் கூட்டினால் அந்த எண்ணின் 50 மடங்கு. அது பூஜ்யத்தில்தான் முடியும். 3-க்கு ஒரு மடங்கும் ஒன்பது மடங்கும் சேர்ந்து பத்து மடங்கு. 2-க்கு ஒரு மடங்கும் நான்கு மடங்கும் சேர்ந்து ஐந்து மடங்கு. 2-இன் அடுக்குகள் இரட்டை எண்கள் என்பதால் ஐந்து மடங்கும் பூஜ்யத்திலேயே முடியும். 8-க்கும் இதே காரணம்தான். ஆகவே விடைத்தாளில் உள்ள விடையும் பிள்ளையின் விடையும் கூட்டினால் பத்து வருகிறது என்றால், பெரும்பாலும் அடுக்கைச் சுருக்கியதில் பிசகு. பெருக்கலில் பிசகு இல்லை. இதைப் "பெரும்பாலும்" என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் வாய்ப்பாட்டுத் தப்பாலும் எதேச்சையாகக் கூட்டல் பத்து வரலாம்.

எல்லா எண்ணுக்கும் நான்கடிச் சுற்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 0, 1, 5, 6 இவற்றில் முடியும் எண்கள் அசையவே அசையாது. எத்தனை தடவை பெருக்கினாலும் அதே இலக்கம். 4-உம் 9-உம் இரண்டடிச் சுற்று: 4, 6, 4, 6 என்றும் 9, 1, 9, 1 என்றும் மாறி மாறி வரும். பால்மரத்தை நாள் விட்டு நாள் சீவுவது போல. இவற்றில் அடுக்கு ஒற்றையா இரட்டையா என்று தெரிந்தாலே போதும், அது கடைசி இலக்கத்திலேயே தெரிந்துவிடும். ஆகவே 9^2018 என்று கேட்டிருந்தால் உங்கள் மகளின் வழி சரியாகவே வந்திருக்கும். 2, 3, 7, 8 இந்த நான்கு இலக்கங்களில் முடியும் எண்களுக்குத்தான் நான்கடிச் சுற்று, இவற்றில்தான் அந்த வழி மாட்டிவிடும். ஒன்றும் இரண்டும் நான்கை மீதியின்றி வகுப்பவை என்பதால், எந்த அடியாக இருந்தாலும் அடுக்கை நான்கால் வகுத்துவிட்டால் எப்போதும் சரிதான். எதற்கு எத்தனை அடி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

அடுத்த குழி மீதி பூஜ்யமாக வரும்போது. 2^2024 எடுத்துக்கொள்வோம். 24-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 0. எனவே 2^0, விடை 1 என்று எழுதிவிடுவார்கள். 2-இன் அடுக்கு எப்படி ஒற்றை எண்ணாக இருக்க முடியும்? 2-இன் சுற்று 2, 4, 8, 6. அதில் 1 இல்லவே இல்லை. 2^0 = 1 என்பது சுற்றுக்கு வெளியே நிற்கும் வாசற்படி. ஒருமுறை உள்ளே போனபின் அந்தப் படிக்குத் திரும்புவதில்லை. மீதி பூஜ்யம் என்றால் சுற்றின் நான்காம் இடம் என்று பொருள், ஆகவே 0-க்குப் பதில் 4 போட வேண்டும்: 2^4 = 16, விடை 6. குலை வெட்டும் கணக்கிலும் அப்படித்தான், எட்டாம் நாள் நான்காம் பகுதியே தவிர பூஜ்யமாம் பகுதி என்று ஒன்று இல்லை.

7-க்கும் 3-க்கும் இந்தக் குழி தெரியாது, ஏனென்றால் 7^4-உம் 1-இல் முடிகிறது, 7^0-உம் 1. அதனால்தான் பிள்ளைகள் 7-இல் பழகிவிட்டு 2-க்கும் 8-க்கும் வரும்போது விழுகிறார்கள். கொஞ்சம் மேலே படித்தவர்கள் ஆய்லர் தேற்றத்தைச் சொல்லி, நான்காம் அடுக்கு எப்போதும் மீதி 1 தரும் என்பார்கள். அந்தத் தேற்றத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அடியில் உள்ள எண்ணுக்கும் பத்துக்கும் 1-ஐத் தவிரப் பொதுக்காரணி இருக்கக்கூடாது. 1, 3, 7, 9 இவற்றில் முடியும் எண்களுக்குத்தான் அது பொருந்தும். எல்லா எண்ணுக்கும் பொருந்தும் உண்மை வேறு ஒன்று: எந்த முழு எண்ணின் ஐந்தாம் அடுக்கும் அந்த எண் முடியும் இலக்கத்திலேயே முடியும். 2^5 = 32, 7^5 = 16807, 8^5 = 32768. ஆகவே ஒன்றாம் அடுக்கிலிருந்து தொடங்கிவிட்டால் நான்கு நான்காகத் தாண்டலாம். 0-க்குப் பதில் 4 போடுவது எந்த அடிக்கும் தவறாது என்று துணிந்து சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுக்குக்கே ஓர் அடுக்கு இருக்கும் கணக்கு அவளுக்கு அடுத்து வரலாம். 7^(2^2025) என்பதை எடுத்துச் செய்து காட்டுகிறேன். தப்பான வழி இங்கே மிக அழகாக ஏமாற்றும். 2^2025-இன் கடைசி இலக்கத்தைக் கண்டுபிடிப்போம் என்று தொடங்கி, 25-ஐ 4-ஆல் வகுத்து மீதி 1, ஆகவே 2 என்று சரியாகவே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் 7^2 = 49, விடை 9 என்று முடிப்பார்கள். ஒவ்வொரு வரியும் சரி போலத் தெரியும். ஆனால் 7-இன் சுற்றுக்கு வேண்டியது 2^2025-இன் கடைசி இலக்கம் அல்ல, அதை 4-ஆல் வகுத்தால் வரும் மீதி. 2-ஐ இரண்டு தடவை பெருக்கினாலே 4 வந்துவிடுகிறது. 2025 தடவை பெருக்கியது நிச்சயம் 4-இன் மடங்கு. மீதி 0, ஆகவே 7^4, விடை 1. பாருங்கள், 9-உம் 1-உம் கூட்டினால் மறுபடி பத்து. கீழிருந்து மேலே போகும் பழக்கமே இங்கே நல்லது: முதலில் 7-க்குச் சுற்று எத்தனை அடி என்று கேளுங்கள், நான்கு என்று தெரிந்தபின் மேலே இருப்பதை நான்கால் மட்டும் வகுங்கள்.

அடைப்புக்குறியையும் கவனிக்கச் சொல்லுங்கள். கையால் எழுதும்போது அடுக்குக்கு மேல் அடுக்கு என்றால் மேலே இருப்பதை முதலில் முடிக்க வேண்டும் என்பது கணித வழக்கம். கணினியில் எல்லாமே அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. 2^3^2 என்று எக்செல்லில் போட்டால் இடமிருந்து வலமாகச் செய்து 64 தரும். பைத்தான் நிரல்மொழியில் `2**3**2` என்று போட்டால் 512 தரும். அதனால் தட்டும்போது அடைப்புக்குறி போட்டுவிடுவதே பாதுகாப்பு.

விடையைச் சரிபார்க்கக் கால்குலேட்டரை நம்புவதிலும் ஓர் எல்லை உண்டு. பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் சாதாரண அறிவியல் கால்குலேட்டர் பத்து இலக்கம் வரைதான் திரையில் காட்டும். 2^34 தட்டினால் 1.717986918×10^10 என்று வரும். அதில் கடைசியாகத் தெரியும் 8-ஐ எடுத்து விடை 8 என்று எழுதிவிட்டு வாதாடும் பிள்ளைகள் உண்டு. உண்மையான எண் 17179869184, கடைசி இலக்கம் 4. திரையில் தெரிந்த 8 பத்தாம் இடத்து இலக்கம்தான். திரையில் ×10 என்று வந்துவிட்டால், கடைசி இலக்கம் கண்ணுக்கு எட்டவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 7^2018 தட்டினால் அதுவும் வராது, பிழை என்றே காட்டும், ஏனென்றால் அது 10^100-ஐ எங்கேயோ தாண்டிப்போன எண். வீட்டில் கணினியோ பைத்தான் ஓடும் கைப்பேசியோ இருந்தால் இந்த வரிகள் முழுத் துல்லியமாக விடை சொல்லும்:

```
print(pow(7, 2018, 10))
print(pow(7, 2**2025, 10))
```

மூன்றாவதாக இருக்கும் 10 என்பதுதான் வகுஎண். முழு எண்ணையும் உருவாக்காமல், ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போகும். முதல் வரி 9 தரும், இரண்டாவது 1 தரும்.

இந்த நான்கு என்ற எண் கடைசி ஓர் இலக்கத்துக்கு மட்டும்தான். கடைசி இரண்டு இலக்கம் கேட்டால் அடியை 100-ஆல் வகுக்க வேண்டியிருக்கும், சுற்றும் நீளும். 3-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கம் 01-க்கு வந்து சேர இருபது அடி ஆகும். 3^20 என்பது 3486784401. 7-க்கு மட்டும் 7^4 = 2401 என்பதால் அங்கேயும் நான்கே போதும். அந்த ஒரு வசதியைப் பார்த்து மற்ற எண்களுக்கும் நான்கு என்று எடுத்துவிடக்கூடாது. இரட்டை எண்களுக்கும் 5-இல் முடியும் எண்களுக்கும் அங்கே இன்னும் கவனம் வேண்டும், அது தனிக் கணக்கு.

தேர்வில் வழிக்கு எத்தனை புள்ளி, விடைக்கு எத்தனை என்பது தாளுக்குத் தாள் மாறும், அதை அவளுடைய ஆசிரியரிடம்தான் கேட்க வேண்டும். "2018 = 4 × 504 + 2, ஆகவே 7^2018-உம் 7^2-உம் ஒரே இலக்கத்தில் முடியும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு விடையைப் போடச் சொல்லுங்கள். எதை எதனால் வகுத்தாள் என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இன்று மாலை அவளிடம் 8^2030 எந்த இலக்கத்தில் முடியும் என்று கேளுங்கள். 1 என்று சொன்னால், அடுக்கின் கடைசியில் இருக்கும் 0-ஐ மட்டும் பார்த்து 8^0 போட்டிருக்கிறாள். 6 என்று சொன்னால், பூஜ்யத்துக்குப் பதில் 4 போட வேண்டும் என்பது பதிந்துவிட்டது, ஆனால் பத்தாம் இடத்து 3-ஐ இன்னும் விட்டுவிடுகிறாள். 30-ஐ 4-ஆல் வகுத்து, மீதி 2, 8^2 = 64, ஆகவே 4 என்று சொன்னால், அடுத்த கணக்குக்குப் போகலாம்.